‘பவியின் முழங்கை’ கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கதையை வெள்ளவத்தையில் ஒரு சின்ன முன்பள்ளிக்காக எழுதினேன். பிறகு போட்டோ கொப்பியாகக் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், தெஹிவளை என்று கை மாறிப் போய்விட்டது. போன இடமெல்லாம் ஆசிரியைகளும் அம்மாமாரும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது லேசு. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நான் கதையைப் பார்க்கவே இல்லை, ஆக்கள் சொல்லித்தான் தெரியும். என்ன கதை இது?

பவி தரம் ஒன்றில் படிக்கிறாள். அம்மம்மாவோடு கிளினிக்குக்குப் போன இடத்தில், வரிசையில் இருமிக்கொண்டிருந்த ஒருவருக்கு மிஸ்ஸி தன் கையை மடக்கி, முழங்கையின் உள்மடிப்புக்குள் எப்படி இருமுவது என்று காட்டுவதைப் பார்க்கிறாள். அடுத்த நாள் வகுப்பில், பக்கத்துக் கதிரைப் பையன் உள்ளங்கைக்குள் இருமிவிட்டு அதே கையை நீட்டி அவளுடைய அழிறப்பரைக் கேட்கிறான். பவி தன் கையை மடக்கி அவன் முன்னால் நீட்டி, “கையில இல்லை, இதுக்குள்ள இருமணும்” என்கிறாள். அவன் சொல்வழி கேட்கிற பிள்ளை. குனிந்து பவியின் முழங்கைக்குள் இருமுகிறான்.

அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் வருகிறார்கள். இருமல் வந்தவர்கள், வராதவர்கள், இருமலை வரவழைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். இடைவேளை மணி அடிக்கும்போது பவியின் கை நனைந்து போயிருக்கிறது, அவளுக்கு அழுகையும் வருகிறது. “எனக்கு ஒரு முழங்கைதானே இருக்கு!” என்று கத்துகிறாள். “இல்லை, ரெண்டு இருக்கு” என்கிறாள் ஒருத்தி. சண்டை அந்த இடத்தில்தான் திரும்புகிறது, ஏனென்றால் அப்போதுதான் எல்லாரும் தங்கள் தங்கள் கையைப் பார்க்கிறார்கள். பவி பேனையால் ஒவ்வொருவரின் முழங்கை மடிப்பிலும் ஒரு நட்சத்திரம் வரைந்துவிடுகிறாள். கடைசிப் பக்கத்தில் டீச்சர், வெண்கட்டி பிடித்த கையாலேயே வாயைப் பொத்தி இருமுகிறார், வாயைச் சுற்றி வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது. வகுப்பு முழுக்கச் சேர்ந்து கத்துகிறது: “டீச்சர், உங்கட முழங்கை!”

எத்தனை வயசுப் பிள்ளையளுக்குச் சரி வரும்?

நாலரையிலிருந்து ஏழு வரை. அதற்குக் கீழே உள்ளவர்கள் கதையை ரசிப்பார்கள், ஆனால் இருமல் வருவதற்கு முந்திய அந்த நொடியைப் பிடித்துக் கையைத் தூக்குவது அவர்களுக்குக் கஷ்டம். எட்டு வயதுக்காரருக்கு நட்சத்திரம் வரையப் போனால் முறைப்பார்கள்.

நாங்க எல்லாம் கையால வாயைப் பொத்தித்தானே வளர்ந்தோம்? அதில என்ன பிழை?

பொத்துவதில் பிழையில்லை. பொத்திய கை அடுத்து எங்கே போகிறது என்பதுதான் விஷயம், கதையில் அழிறப்பர் வருவதும் அதற்காகத்தான். தரம் ஒன்று வகுப்பில் ஒரு பிள்ளையின் உள்ளங்கை பத்து நிமிடத்தில் பென்சில், கொப்பி, தண்ணீர்ப் போத்தல் மூடி, பக்கத்தில் இருப்பவரின் கை, கதவுப் பிடி என்று எல்லாவற்றையும் தொட்டுவிடும். தொட்ட இடத்தை இன்னொரு பிள்ளை தொடும், அந்தக் கை கண்ணுக்கோ மூக்குக்கோ போகும். பெரியவர்களே லேசுப்பட்டவர்கள் இல்லை. சிட்னியில் மருத்துவ மாணவர்களை விரிவுரை நேரத்தில் வீடியோ எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2015இல் வந்தது. சராசரியாக ஒருவர் மணிக்கு 23 தடவை தன் முகத்தைத் தொட்டிருந்தார். கிருமியைப் பற்றிப் படிப்பவர்களே அப்படியென்றால் ஆறு வயதுப் பிள்ளையை யோசித்துப் பாருங்கள்.

முழங்கையின் உள்மடிப்பு எதையும் எடுப்பதில்லை, யாருக்கும் எதையும் நீட்டுவதில்லை. அதனால்தான் அந்த இடம். இதைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட விரும்பினால் நிற வெண்கட்டியை ஈரப்படுத்தி ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் பூசி, ஒரு அழிறப்பரைக் கைமாற்றி விளையாட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் நிறம் யார் யார் கைக்குப் போயிருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். மஞ்சள் தூள் மட்டும் வேண்டாம், வெள்ளைச் சீருடையில் பட்டால் வீட்டில் உங்களுக்குத்தான் திட்டு விழும். வெண்கட்டியைத் தூளாகவும் பயன்படுத்த வேண்டாம், தூள் பறந்தால் முட்டு உள்ள பிள்ளைக்கு அதுவே இருமலைக் கிளப்பும்.

லேஞ்சி குத்தி அனுப்புறோமே, பிறகு ஏன் முழங்கை?

வாயை மூடுவதற்கு முதல் தெரிவு டிஷ்யூ என்பதுதான் பல சுகாதார அறிவுரைகளில் இருக்கிறது: டிஷ்யூவுக்குள் இருமி, உடனே குப்பைத்தொட்டியில் போட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது. டிஷ்யூ கையில் இல்லாதபோதுதான் முழங்கை. ஆனால் தரம் ஒன்று பிள்ளைக்கு டிஷ்யூ எப்போதும் பையின் அடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே இருக்கும். எடுத்து முடிக்கும்போது இருமலும் முடிந்திருக்கும்.

சட்டையில் குத்திய லேஞ்சி மூக்குத் துடைக்க நல்லது. சிக்கல் என்னவென்றால் அது நாள் முழுக்க அதே லேஞ்சி. துடைக்கும் ஒவ்வொரு தடவையும் கை அதைத் தொடுகிறது. சளிக்காய்ச்சல் வைரஸ் துணியில் 8 முதல் 12 மணித்தியாலம் வரை தாங்கும் என்று 1982இல் செய்த சோதனை ஒன்று காட்டியது. பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான கடினப் பொருளில் அது ஒரு நாள் இரண்டு நாள்கூட இருந்திருக்கிறது, அழிறப்பரை விடுங்கள், தண்ணீர்ப் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். லேஞ்சியைத் தினமும் தோய்த்து அனுப்புங்கள், மூக்குக்கு அது இருக்கட்டும், இருமலுக்கு முழங்கை இருக்கட்டும்.

எல்லாப் பிள்ளையும் பவியின்ர கையில இருமுற பக்கம் சரியான அருவருப்பா இருக்கு மிஸ். அதை எடுத்துப்போட்டு வாசிச்சா என்ன?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். எடுத்துவிட்டு வாசிக்கலாம், உங்கள் வகுப்பு உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பக்கம் போனால் கதையும் போய்விடும் என்பது என் எண்ணம். மிஞ்சுவது ஒரு நல்ல பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற பாடம்தான், அப்படிப்பட்ட பாடங்கள் சுற்றாடல் புத்தகத்தில் நிறைய இருக்கின்றன.

அந்தப் பக்கத்தை நான் கற்பனைக்காக மட்டும் போடவில்லை. ஐந்தாறு வயதில் பிள்ளைகள் சொல்வதைவிடக் காட்டுவதைத்தான் பின்பற்றுகிறார்கள், அதுவும் அச்சொட்டாக. நீங்கள் உங்கள் மூக்கைத் தொட்டு “இங்க தொடுங்கோ” என்றால் கட்டாயம் ஒரு பிள்ளை வந்து உங்கள் மூக்கைத் தொடும். கதையில் அந்தக் குழப்பம் நடக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் “ஐயோ, அவள்ட கையில இல்லை!” என்று கத்துகிறார்கள். கத்துகிற அந்த நேரத்தில் சரியான விடையை அவர்களே சொல்லிவிடுகிறார்கள், நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. அருவருப்பும் அங்கே வேலை செய்கிறது: அடுத்தவர் இருமல் நம்மேல் பட்டால் எப்படி இருக்கும் என்று பவியின் நனைந்த கைதான் காட்டுகிறது. கிருமியின் படம் வரைந்து பல்லும் கொம்பும் வைத்தால் பிள்ளைகள் அதைச் சிரித்துப் பார்ப்பார்கள், தங்கள் கையோடு அதைச் சேர்த்து நினைக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காட்சியை நடித்துக் காட்ட விடாதீர்கள். கட்டாயம் கேட்பார்கள். பவியாக நடிக்கும் பிள்ளையின் கையில் வகுப்பே உண்மையாக இருமிவைக்கும்.

வாசிச்சேன், நல்லாச் சிரிச்சாங்க. ஆனா அடுத்த நாள் பழையபடி கைக்குள்ளதான் இருமுறாங்க. கதை வேலை செய்யேல்லையா?

கதை ஆசையைத் தரும், பழக்கத்தைத் தராது. பழக்கத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டும். முப்பது முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள தரம் ஒன்று வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

நட்சத்திரம் வரைகிற பக்கத்தில் கதையை நிறுத்திவிட்டு எல்லாரையும் எழுப்புவேன். யாரும் இருமக்கூடாது, முதலில் கை மட்டும்தான். கையை மடக்கி, மடிப்பை முகத்துக்குக் கொண்டுவந்து, மூக்கும் வாயும் இரண்டும் உள்ளே போகிற மாதிரி அழுத்தி, தலையைக் கொஞ்சம் கீழே சாய்க்கச் சொல்வேன். பிறகு மற்றக் கையை நாடிக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதச் சொல்வேன். கீழே காற்றுப் பட்டால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். இந்த ஊதுகிற சோதனை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், தாங்களே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது அல்லவா.

அப்போது மூன்று விதமான பிழை தெரியும். சிலர் முழங்கையின் வெளி முனையைத் தூக்குவார்கள். அந்த முனை யாருக்கும் வாய்க்கு எட்டாது, ஆகவே இருமல் நேரே முன்னால் இருப்பவரின் பிடரிக்குப் போகும். சிலர் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் வாயை வைப்பார்கள், வாய் மூடும், மூக்கு வெளியே நிற்கும். இந்த இரண்டையும் நட்சத்திரம் திருத்திவிடும், “நட்சத்திரத்துக்கு முத்தம் கொடு” என்றால் போதும். மூன்றாவதுதான் கரைச்சல்: முதலில் இருமிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து கையைத் தூக்குவது. அடுத்த நாள் நீங்கள் கண்டது அநேகமாக அதுவாக இருக்கும், அல்லது அதுவரைக்கும்கூட வராத பழைய பழக்கம். அதற்கு இருமலைப் பிடிக்காமல் தொண்டை அரிப்பைப் பிடிக்க வேண்டும். காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் “தொண்டை அரிக்குது!” என்று திடீரென்று சொல்வேன், அவர்கள் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான், அரை நிமிட வேலை. பாடத்துக்கு நடுவிலும் ஒன்றிரண்டு தடவை. இரண்டு மூன்று கிழமை இப்படி ஓடினால் கை தானாக எழும்பும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது எந்தக் கை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பென்சில் பிடிக்காத கை. பென்சிலோடு கையைச் சடாரென்று மடக்கினால் அதன் முனை தன் கண்ணுக்கோ பக்கத்துப் பிள்ளையின் கன்னத்துக்கோ போகும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க நினைவை நம்ப வேண்டாம். ஒரு பாட நேரத்தில் கேட்கிற இருமலையெல்லாம் கொப்பி ஓரத்தில் மூன்று நிரலாகக் கோடு போடுங்கள்: முழங்கை, உள்ளங்கை, திறந்த வாய். உதாரணத்துக்கு, கதை வாசித்த கிழமையில் 20 இருமலில் 4 முழங்கைக்குள் போயிருந்து, மூன்றாம் கிழமையில் அது 11 ஆகியிருந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். இருபதும் முழங்கைக்குள் போக வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒன்று மட்டும்: நீங்கள் எண்ணுவது பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் உங்களுக்காகவே இருமுவார்கள்.

நட்சத்திரத்தைப் பேனையால உண்மையாவே வரையலாமா?

தோலில் வரையலாம், சீருடையில் வேண்டாம். குளித்தால் ஓரிரு நாளில் போய்விடும். சில வீடுகளில் இது பிடிக்காது, ஆகவே முதல் நாளே ஒரு சின்னக் குறிப்பு அனுப்பிவிடுங்கள். ஸ்டிக்கர் நல்லதென்று நினைப்பீர்கள், வியர்வையில் அரை மணி நேரத்தில் கழன்று நிலத்தில் கிடக்கும். கொழும்பு வெயில் தெரியும்தானே.

சீருடைக் கை குட்டைதானே, வெறும் தோலில இருமுறது அசிங்கமில்லையா?

உள்ளங்கையும் வெறும் தோல்தான். நீளக் கை போட்ட பிள்ளைக்குத் துணி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மை, சீருடைக்கு நீளக் கை அணிகிற முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது லேசு. குட்டைக் கைக்காரருக்குத் தோல் ஈரமாகும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஈரம் எதையும் போய்த் தொடாதவரை முழங்கையின் வேலை நடக்கிறது.

ஆனால் தொடுகிற இடம் ஒன்று உண்டு: வியர்த்தால் பிள்ளை அடுத்த கையால் முழங்கை மடிப்பைத் துடைக்கும். தடிமன் பிடித்திருக்கிற நாட்களில், இடைவேளைக்குக் கை கழுவும்போது முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போடப் பழக்குங்கள். 20 விநாடி போதும்.

அப்ப மேசையில முழங்கையை ஊன்றிக்கொண்டுதானே இருக்கிறாங்க? அதில ஒட்டாதா?

நல்ல கேள்வி, ஒரு ஆசிரியை கேட்டதும் நானே போய் ஒரு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து கவனித்தேன். மேசையில் ஊன்றுவது வெளிப்பக்கமும் முன்கையும். உள்மடிப்பு மேலே பார்த்தபடி இருக்கிறது. மேசையில் தலை வைத்துப் படுக்கும்போதுதான் அது முகத்தோடு சேர்கிறது, அதுவும் அவரவர் முகத்தோடு.

வீட்டில சின்னத் தங்கச்சி இருக்கு. மகள் முழங்கைக்குள்ள இருமிப்போட்டு அதே கையில அவளைத் தூக்கி வைக்கிறாள். இது சரியா?

இல்லை. கைக்குழந்தையின் தலை வந்து படுக்கிற இடம் சரியாக முழங்கையின் உள்மடிப்புத்தான். பள்ளிக்கூடத்தில் யாரையும் தொடாத அந்த இடம், வீட்டில் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறது. கதையில் இது இல்லை, ஒரு கதையில் எல்லாவற்றையும் போட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றி, முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் தங்கச்சியைத் தூக்கலாம் என்று ஒரு சட்டம் வையுங்கள். மகளுக்கே தடிமன் என்றால் அந்த நாட்களில் தூக்காமல் காலைத் தடவி விளையாடட்டும். பிறந்து சில மாதமே ஆன குழந்தைக்கு, பெரிய பிள்ளைக்கு வந்து போகும் சாதாரணத் தடிமன்கூட மூச்சுத் திணறலாக மாறலாம். குழந்தை வேகமாக மூச்செடுத்தாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொரளை ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி தெரியாமல் இருக்காது.

தும்மலுக்கும் இதேதானா?

அதேதான். தும்மல் இன்னும் சடுதியாக வரும் என்பதால் பிந்திக் கை தூக்குவது கூடுதலாக நடக்கும். தும்மினதும் “நூறு வயசு!” என்று வாழ்த்துகிற அப்பம்மா வீட்டில் இருந்தால், கை தூக்கியிருந்தால் மட்டும்தான் வாழ்த்துவேன் என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் இது என் கதையைவிட நன்றாக வேலை செய்தது.

கடைசிப் பக்கத்தில பிள்ளையள் டீச்சரைத் திருத்துறாங்க. இதையெல்லாம் படிப்பிச்சா மரியாதை என்ன ஆகிறது?

தாத்தாமார் கேட்கிற கேள்வி. ஒரு அதிபரும் கேட்டார். கதையில் பிள்ளைகள் டீச்சரைக் கேலி செய்வதில்லை, அவர் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவருக்கு ஞாபகப்படுத்துகிறார்கள், “உங்கட” என்று மரியாதையோடுதான். டீச்சரும் கோபப்படாமல் கையை மடக்கி மறுபடி இருமிக் காட்டுகிறார். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு வாசித்தால் நீங்கள் சொல்கிற சிக்கல் வரலாம், ஆகவே அதை விடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரியவர்கள் உள்ளங்கைக்குள் இருமிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன இரண்டு மூன்று கிழமைப் பயிற்சியும் வீண். பிள்ளை நாள் முழுக்கப் பார்ப்பது உங்களை. வெண்கட்டித் தூள் இருமலைக் கிளப்புகிற தொழில் நம்முடையது, சந்தர்ப்பத்துக்குக் குறைவேயில்லை.

எங்கட வகுப்பில முட்டு உள்ள பிள்ளை ஒன்று. கதை வாசிச்ச பிறகு அவன் இருமினாலே மற்றவங்கள் கதிரையைத் தள்ளிப் போடுறாங்க.

இது நடக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா இருமல் தொற்றுவதில்லை. தூசி, ஓடி விளையாடியது, மழைக் குளிர் என்று பல காரணத்தால் வரும், கிருமி இல்லாமலே வரும். பிள்ளைகளுக்கு இது தெரியாது, கதையும் எல்லா இருமலையும் ஒன்றாகத்தான் காட்டுகிறது.

அப்படிப் பிள்ளை உள்ள வகுப்பில் நான் ஒரு சின்ன மாற்றம் செய்து வாசிப்பேன். வரிசையில் நிற்பவர்களில் ஒருத்தன் “எனக்குத் தடிமன் இல்லை, முட்டு, ஒருத்தருக்கும் ஒட்டாது, ஆனாலும் நான் மூடுறேன்” என்று சொல்வான், பவி அவனுக்கும் நட்சத்திரம் வரைவாள். வகுப்பில் உள்ள பிள்ளையின் பெயரைச் சொல்வதுமில்லை, அவன் பக்கம் பார்ப்பதுமில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் முதலே பேசிவிடுவது நல்லது, சிலர் பிள்ளையின் வருத்தத்தை வகுப்புக்குத் தெரியப்படுத்த விரும்புவதில்லை. இருமல் விடாமல் வந்து, பேச முடியாமல் மூச்சு வாங்கினால் முழங்கையெல்லாம் பிறகு, பம்ப்பை எடுத்துக் கொடுங்கள்.

முழங்கைக்குள்ள இருமினா நோய் பரவாதுதானே? அப்ப காய்ச்சலோட அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். முழங்கை செய்வது இரண்டு வேலை: பெரிய துளிகள் முன்னால் இருப்பவரின் மேல் நேரே விழாமல் தடுக்கிறது, கையை ஈரமாகாமல் வைக்கிறது. மிக நுண்ணிய துளிகள் முழங்கையின் ஓரங்களால் வெளியேறி வகுப்பறைக் காற்றில் மிதக்கும், அதற்கு நட்சத்திரம் ஒன்றும் செய்யாது. மூடாத தும்மலின் காற்று மேகம் 7, 8 மீற்றர் வரைகூடப் போகலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிடியா பூருய்பா என்ற ஆய்வாளர் வேகக் கமெராவால் படமெடுத்துக் காட்டியிருக்கிறார். நம்முடைய பல வகுப்பறைகள் அவ்வளவு நீளமே இல்லை.

அதனால் மழை நாளில் ஜன்னலை இறுக்கிச் சாத்தாமல் காற்றோட்டம் விடுவதும், காய்ச்சல் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதும் முழங்கையால் ஈடுசெய்ய முடியாத வேலைகள். இருமல் மட்டும் மிஞ்சி, பிள்ளை தெம்பாகப் பள்ளிக்கூடம் வருகிறதென்றால், முகத்தோடு ஒட்டி நிற்கிற மாஸ்க் முழங்கையைவிடக் கூடுதலாகத் தடுக்கும். ஆறு வயதுப் பிள்ளை அதை எத்தனை மணிக்கு நாடிக்கு இறக்கிவிடும் என்பது உங்களுக்கே தெரியும், அந்த நேரத்துக்கு முழங்கை.

மகன் மூன்று கிழமையா இருமுறான். ஒழுங்கா முழங்கைக்குள்ளதான். கொத்தமல்லி அவிச்சுக் கொடுக்கிறோம். வேற ஏதும் செய்யணுமா?

ஓம், டொக்டரிடம் காட்ட வேண்டும். சாதாரணத் தடிமனுக்குப் பிறகு இருமல் இழுபட்டுக்கொண்டு போவது உண்டு, முட்டின் தொடக்கமாகவும் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் போன இருமலில் காசநோயையும் பார்த்துவிட வேண்டும் என்பது இலங்கையில் உள்ள நடைமுறை. எடை குறைவது, இரவில் வியர்ப்பது, விட்டு விட்டுக் காய்ச்சல் வருவது இருந்தால் இன்னும் அவசரம். நெஞ்சு நோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். கொழும்பில் டீன்ஸ் வீதியில் மத்திய நெஞ்சு நோய் கிளினிக் இருக்கிறது.

ஒரு விஷயம் பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். காசநோய் உள்ள சின்னப் பிள்ளை வகுப்பு முழுக்கப் பரப்புவது அரிது. அநேகமாக அந்தப் பிள்ளைக்கே வீட்டில் நெடுநாள் இருமிக்கொண்டிருக்கிற பெரியவர் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும். ஆகவே மகனைக் கூட்டிக்கொண்டு போகும்போது, வீட்டில் வேறு யாருக்கும் இழுபடுகிற இருமல் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகள் இப்ப இருமலையே அடக்குறாள். கண்ணெல்லாம் சிவக்குது. ‘பவிக்குப் பிடிக்காது’ என்கிறாள். என்ன செய்யிறது?

பவி அழுகிற பக்கம் சில பிள்ளைகளுக்கு ஆழமாகப் பட்டுவிடுகிறது, குறிப்பாகக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு. அருவருப்புப் பற்றி மேலே சொன்னேனே, அதன் மறுபக்கம் இது. பவி அழுதது இருமினதற்காக இல்லை, தன் கையில் இருமினதற்காக என்று பிரித்துச் சொல்லுங்கள். தொண்டையில் உள்ள சளியை உடம்பு வெளியே தள்ளுகிறது, அதற்குத்தான் இருமல், தள்ள விடு, மூடிக்கொண்டு தள்ளு என்று சொன்னால் அந்த வயதுக்குப் புரியும்.

பிறகு கதையை மறுபடி எடுத்து, வரிசைப் பக்கத்தைத் தாண்டி நட்சத்திரப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். அங்கே பவி ஒவ்வொருவருக்கும் வரைந்து முடித்து “இப்ப இருமு பாப்பம்” என்கிறாள், எல்லாரும் இருமுகிறார்கள், அவள் கை தட்டுகிறாள். உங்கள் மகளையும் அந்த இடத்தில் இருமச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே இருமுங்கள். சில நாளில் சரியாகிவிடும். அடக்குவது அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் கதையைக் கொஞ்ச நாள் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் அவள் பார்க்க முழங்கைக்குள் இருமிக்கொண்டிருங்கள்.